இன்னும் ரெண்டு பேரைப் போட்டால் முடியுமா?

2025 ஜனவரி கடைசியில் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் முதலாளி எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, வேளாண்மை வெட்டுத் தொடங்கப் போகுது. உங்கட வேலை பிந்துது என்று சொல்றீங்க. இன்னும் ரெண்டு பேரைப் போடுங்களன், காசு நான் தாறன்." அவரை நாங்கள் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், சொன்ன காசைச் சொன்ன நாளில் தருபவர். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. வயலில் ஆள் காணாவிட்டால் ஆளைக் கூட்டுவதுதானே வழக்கம்?

நாங்கள் மட்டக்களப்பு டவுனில் சின்ன ஆபிஸ் வைத்து மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள். ஆலைக்கு நாங்கள் செய்துகொண்டிருந்தது நெல் கொள்வனவுக் கணக்கு. லொறி வந்தால் நிறுத்து, ஈரம் பார்த்து, கழிவு போட்டு, விவசாயிக்குத் துண்டு அடித்துக் கொடுத்து, காசுக் கணக்கையும் வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடை நெல் வரத் தொடங்கும்முன் அது தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. ஹாஜியார் கேட்டபடி ரெண்டு பேரைப் போட்டோம். என்ன நடந்தது என்பதை நாள் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். இந்தச் சிக்கலில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

முதலாவது உழைப்பு. ஒரு வேலைக்குள் எவ்வளவு மனித உழைப்பு அடங்கியிருக்கிறது என்ற அளவு இது. இதை ஆள்-நாள் என்று எண்ணுவார்கள். ஒரு வயலை வெட்ட 16 ஆள்-நாள் வேண்டும் என்றால், ஒரே ஆள் 16 நாள் வெட்டினாலும் 4 பேர் 4 நாள் வெட்டினாலும் உழைப்பு அதேதான். கூலி கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான்.

இரண்டாவது வேலைக்காலம். வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை எத்தனை வேலைநாள் என்பது. லீவு நாட்கள் இதில் சேராது. அந்த 16 ஆள்-நாள் வயலுக்கு 4 பேர் போனால் வேலைக்காலம் 4 நாள், 8 பேர் போனால் 2 நாள்.

மூன்றாவது கலண்டர் காலம். சுவரில் தொங்கும் கலண்டரில் எத்தனை நாள் கிழிந்தது என்பது. போயா, சனி, ஞாயிறு, பொங்கல், மழை, சாமான் வரும்வரை காத்திருந்த நாள் எல்லாம் இதற்குள் வரும். வாடிக்கையாளர் "எப்ப முடியும்?" என்று கேட்கும்போது இதைத்தான் கேட்கிறார். நாம் பதில் சொல்லும்போது பெரும்பாலும் முதலாவதைச் சொல்லிவிடுகிறோம். "ரெண்டு நாள் வேலைதான் ஹாஜியார்" என்று சொன்னால் அவர் நாளை மறுநாள் வாசலில் நிற்பார். நான் சொன்னது ரெண்டு நாள் உழைப்பு. அவருக்குக் கேட்டது ரெண்டு நாளில் முடியும் என்று.

மூன்றும் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு அந்த வேலையிலேயே ஒரு சின்ன உதாரணம் இருந்தது. லொறித் தராசு காட்டும் எண்ணைக் கையால் தட்டாமல் நேரே கணினிக்குக் கொண்டுவர ஒரு கேபிள் வேண்டும். அதைப் பூட்டி, எண் சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் அந்தக் கேபிள் கொழும்பிலிருந்து வர ஆறு நாள் எடுத்தது. உழைப்பு ஒரு மணித்தியாலம், கலண்டர் காலம் ஆறு நாள். அந்த ஆறு நாளும் இன்னும் பத்துப் பேர் என்னோடு இருந்திருந்தால், பதினொரு பேராகக் காத்திருந்திருப்போம்.

திட்டமிடல் மென்பொருள்களும் இதைத் தனித்தனியாகத்தான் கேட்கின்றன. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் பாவித்தவர்களுக்குத் தெரியும், காலம் எழுதும் கட்டத்தில் இப்படி இரண்டு விதமாகத் தட்டலாம்:

```
5d
5ed
```

முதலாவது ஐந்து வேலைநாள். ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம் என்று வைத்திருந்தால் மொத்தம் 40 மணித்தியாலம், சனி ஞாயிறு வந்தால் தாண்டிப் போய்விடும். இரண்டாவது ஐந்து கலண்டர் நாள், இரவும் பகலும் சேர்த்து 120 மணித்தியாலம், சனி ஞாயிறு பார்க்காது. கொங்கிறீட் இறுகுவதற்கும் பெயின்ற் காய்வதற்கும் சாமான் வந்துசேர்வதற்கும் எழுத வேண்டியது இரண்டாவதை. கொங்கிறீட்டுக்குப் போயா தெரியாது. அதே மென்பொருள் உழைப்பையும் காலத்தையும் இணைப்பது இந்தச் சூத்திரத்தால்:

```
Work = Duration × Units
```

`Units` என்பது எத்தனை ஆள். ஒருவர் அரைநாள்தான் இந்த வேலைக்கு என்றால் 50%. 4 நாள் உழைப்பை அரைநாள் ஆள் ஒருவர் செய்தால் 8 நாள் ஆகும். `Effort driven` என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு ஆளைக் கூட்டிப் பாருங்கள், காலம் தானாகச் சுருங்கும். 8 நாள் வேலைக்கு இன்னொரு ஆளைச் சேர்த்தால் திரையில் 4 நாள் என்று வரும். எங்கள் ஹாஜியாரின் கணக்கும் அதேதான். மென்பொருளுக்கும் ஹாஜியாருக்கும் தெரிந்தது வகுத்தல். இரண்டு பேருமே பிழையில்லை. வகுக்கக்கூடிய வேலையா என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, எங்கள் வேலைக்கு வருவோம்.

மொத்த உழைப்பு 48 ஆள்-நாள் என்று மதிப்பிட்டிருந்தேன். நானும் என் கூட்டாளியும் இரண்டு பேர், ஆகவே வேலைக்காலம் 24 நாள். ஜனவரி 6 திங்கட்கிழமை தொடங்கினோம். 13ஆம் தேதி போயா, 14 பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம். சனி ஞாயிறையும் இவற்றையும் கழித்து எண்ணினால் 24ஆவது வேலைநாள் பெப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை. மறுநாள் போயா. 13ஆம் தேதி வியாழன் காலை ஆலையில் முதல் லொறி நிறுக்கலாம். 48 ஆள்-நாள் உழைப்பு, 24 நாள் வேலைக்காலம், 37 நாள் கலண்டர் காலம். ஒரே வேலைதான், மூன்று எண்கள்.

ஜனவரி 24 வெள்ளிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 13 வேலைநாள் போயிருந்தது, அதாவது 26 ஆள்-நாள் செலவு. முடிந்திருந்ததோ நான் 16 ஆள்-நாள் என்று மதிப்பிட்ட வேலைகள் மட்டும். காரணம் ஒன்றும் புதிதில்லை. முழுநாளும் இந்த வேலையில்தான் என்று நான் பேப்பரில் எழுதியிருந்தேன். நிஜத்தில் பழைய வாடிக்கையாளர்களின் போனுக்கு நாளில் ஒரு பகுதி போயிருந்தது. அதோடு ஆலையின் கழிவு முறையை முதலில் பிழையாக விளங்கிக்கொண்டு ஒரு பகுதியைத் திருப்பி எழுத வேண்டியும் வந்தது.

இந்த இடத்தில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. 48இல் 16 முடிந்தது, மிச்சம் 32 என்று கழித்துவிடுவது. ஆனால் அந்த 32உம் அதே ஆள், அதே மனநிலையில் போட்ட மதிப்பீடு. 16 என்று சொன்னது 26 ஆனது என்றால் 32 எப்படி 32ஆகவே நிற்கும்? முடிந்ததை மட்டும் பிழை என்று ஒத்துக்கொண்டு, முடியாததை அப்படியே நம்புவது ஆசை, கணக்கில்லை. மிச்சத்தை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தோம். 36 என்று வந்தது. இரண்டு பேர் என்றால் 18 வேலைநாள், பெப்ரவரி 21 வெள்ளிக்கிழமை. நெல் லொறிகள் வாசலில் வந்து நின்று ஒரு கிழமை கழித்து.

போன் வந்தது அந்தச் சனிக்கிழமை. ரெண்டு பேரைக் கூட்டினால் 36ஐ நாலால் வகுக்க 9 நாள், பெப்ரவரி 7ஆம் தேதியே முடியும். சொன்ன தேதிக்கு முன்பே! கணக்குப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தெரிந்த பையன்கள் இரண்டு பேர், நல்ல கெட்டிக்காரர்கள், 27ஆம் தேதி திங்கட்கிழமை வந்தார்கள்.

முதல் நாள் முழுக்க நான் அவர்களுக்கு ஆலையை விளங்கப்படுத்தினேன். மூடை என்றால் எத்தனை கிலோ, லொறி இரண்டு தரம் நிறுக்கப்படுவது ஏன், விவசாயி வேறு, லொறிக்காரன் வேறு, காசு வாங்க வருபவன் சிலவேளை மூன்றாவது ஆள் என்பது. இதெல்லாம் எங்களுக்கு மூன்று கிழமையில் ஊறியது, எங்கும் எழுதி வைக்கவில்லை. என் கூட்டாளி அவர்களின் கணினிகளில் எல்லாவற்றையும் நிறுவிக் கொடுத்தார். செவ்வாய், புதன் கேள்விகள். கேள்வி கேட்பதில் பிழை சொல்ல முடியாது. கேட்காமல் எழுதினால்தான் பயம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நான் கையிலிருந்ததை விட்டுத் திரும்ப வேண்டும், பதில் சொல்லிவிட்டுத் திரும்பவும் விட்ட இடத்தைத் தேட வேண்டும். பதில் இரண்டு நிமிடம், தேடல் பதினைந்து நிமிடம். இதை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால்தான் எந்த மதிப்பீட்டிலும் வருவதில்லை.

புதன்கிழமை அவர்களில் ஒருவருக்கு ஈரக் கழிவுப் பகுதியைக் கொடுத்தேன். சின்னது, தனியானது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஆலையின் கணக்கப்பிள்ளை தன் கொப்பியோடு ஒப்பிட்டுவிட்டுப் போன் எடுத்தார். ஒரு லொறியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். நெல்லோடு 6,240 கிலோ, வெறும் லொறி 2,180 கிலோ. மிச்சம் 4,060. சாக்கு 60, அந்த ஆலையில் சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பார்கள், ஆக நெல் 4,000 கிலோ. ஈரம் கூடியதற்கு 3% கழிவு என்றால் 120 கிலோ போய் 3,880க்குக் காசு. புதிய தம்பி எழுதியதில் ஈரக் கழிவு முதலில், சாக்குக் கழிவு பிறகு. 4,060இல் 3% 121.8, அதையும் 60ஐயும் கழித்தால் 3,878.2. லொறிக்கு 1.8 கிலோ விவசாயிக்கு நட்டம். சாக்குக்கும் ஈரக் கழிவு போட்டால் அப்படித்தான் வரும்.

அவர் எழுதியது முட்டாள்தனம் இல்லை. எதை முதலில் கழிப்பது என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை, ஏனென்றால் மூன்று கிழமைக்கு முன் நானும் அதே பிழையைச் செய்து, அதே கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்கித் திருத்தியிருந்தேன். திருத்த மூன்று நிமிடம். எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு அரைநாள், அவருக்கு ஒரு நாள்.

அந்தக் கிழமை முடிவில் திரும்பக் கணக்குப் பார்த்தோம். பழைய இருவரும் பாதி நேரம் சொல்லிக் கொடுப்பதிலும் திருத்துவதிலும் போனதால் ஐந்து நாளில் 10 ஆள்-நாள் செய்ய வேண்டியவர்கள் 5தான் செய்திருந்தோம். புதியவர்கள் இருவரும் சேர்ந்து முன்னே தள்ளியது என்று கணக்கில் எழுத ஒன்றும் இல்லை. இது தவிர, இரண்டு பேருக்கு என்று இரண்டாகப் பிரித்திருந்த வேலையை நாலாகப் பிரித்ததில் புதிய வேலை வேறு முளைத்தது. ஒருவர் எழுதும் பகுதி இன்னொருவர் பகுதியோடு எப்படிப் பேசும் என்று தீர்மானிப்பது, எழுதி வைப்பது, இருவர் ஒரே இடத்தில் கை வைத்ததைப் பிரித்தெடுப்பது. அதற்கு 3 ஆள்-நாள் என்று வைத்தேன். 36 கூட்டல் 3, கழித்தல் 5. மிச்சம் 34. நாலு பேர் ஒரு கிழமை வேலை செய்து, வேலை 36இலிருந்து 34க்கு இறங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தனியே இருந்திருந்தால் 26.

அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது கிழமை நாலு வேலைநாள். புதியவர்கள் அரை வேகத்துக்கு வருவார்கள், நாங்கள் முக்கால் வேகத்துக்கு. நாலு பேரும் சேர்ந்து ஒரு நாளில் இரண்டரை ஆள்-நாள், ஆக 10 குறையும், மிச்சம் 24. அதற்கடுத்த கிழமையும் போயா இருப்பதால் நாலு நாள். ஒரு நாளில் 3 வீதம் 12 குறையும், மிச்சம் 12. பிறகு இன்னும் நாலு நாள். முடியும் தேதி பெப்ரவரி 20 வியாழக்கிழமை. இரண்டு பேராகவே இருந்திருந்தால் 21 வெள்ளிக்கிழமை.

ஒரு நாள் லாபம்! அதற்கு நாலு பேரின் 17 நாள், 68 ஆள்-நாள் சம்பளம். இரண்டு பேரென்றால் 36. புதியவர்கள் இன்னொரு சாக்குக் கழிவுப் பிழை செய்தால் அந்த ஒரு நாளும் போய்விடும். வேகங்களை நான் மனதில் பட்டபடிதான் போட்டேன். கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் 18ஆகலாம், 24உம் ஆகலாம். 7ஆம் தேதி மட்டும் எந்த வழியிலும் வரவே வராது.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் பிரெட் புரூக்ஸ். 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதள வேலையை நடத்தியவர். அது பிந்தியது, ஆள் சேர்த்தார்கள், இன்னும் பிந்தியது. பட்ட அனுபவத்தை 1975இல் புத்தகமாக எழுதினார். பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்ற அவருடைய வரியைத்தான் இன்று எல்லாரும் புரூக்ஸ் விதி என்கிறார்கள். அது அளவுக்கு மீறிச் சுருக்கிச் சொன்னது என்று அதே இடத்தில் அவரே ஒத்துக்கொள்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். எங்கள் கணக்கிலும் பாருங்கள், வேலை பிந்தவில்லை, ஒரு நாள் முந்தத்தான் செய்தது. காசு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அவர் சொன்ன காரணங்களில் சொல்லிக் கொடுக்கும் செலவைப் பார்த்துவிட்டோம். மற்றது பேச்சு. இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கிடையே ஒரு பேச்சுவழி. மூன்றாவது ஆள் வந்தால் மூன்று. நாலு பேருக்கு ஆறு, ஆறு பேருக்குப் பதினைந்து.

```
n × (n − 1) / 2
```

இரண்டு பேர் நாலு பேரானால் ஆள் இரண்டு மடங்கு, பேச்சுவழி ஆறு மடங்கு. எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டிய வேலைக்குத்தான் இது முழுதாகப் பொருந்தும். நெல் வெட்டுபவர்கள் பேசிக்கொண்டே வெட்டுவார்கள், ஆனால் பேசாவிட்டாலும் கதிர் விழும். உங்கள் வேலை எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதிதாக வரும் ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போனால், அவர் மாலைவரை உங்களைத் தேடி வராமல் சரியாகச் செய்வாரா? செய்வார் என்றால் ஆள் சேர்க்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வருவார் என்றால், அவருடைய நாளோடு உங்கள் நாளையும் சேர்த்துத்தான் செலவழிக்கிறீர்கள்.

ஹாஜியாருக்கு இதைச் சொல்லப் போனபோது பேச்சுவழிக் கணக்கெல்லாம் எடுக்கவில்லை. ஆலை முற்றத்தில் அவித்த நெல் காயப்போட்டிருந்தது. "ஹாஜியார், வயல் வெட்ட ஆள் கூட்டினால் கெதியா முடியும். நெல் ஊறவும் காயவும் ஆள் கூட்டினால் முடியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப உங்கட வேலை வெட்டா, காய்ச்சலா?" என்று கேட்டார். அதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பாடநெறியிலும் நான் கேட்டதில்லை. ரெண்டும் கலந்து கிடக்கிறது, பிரித்தெடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

அவருடைய மேசையிலேயே மிச்சமிருந்த 34ஐப் பிரித்தோம். அதற்குள் 7 ஆள்-நாள் சுத்தமான வெட்டு. ஆலைக்கு நெல் போடும் 1,400 விவசாயிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், வங்கிக் கணக்கு எல்லாம் பழைய கொப்பிகளில் இருந்தன, அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளில் 200 ஏற்றலாம். கொப்பியைப் பாதியாகப் பிரித்தால் போதும், ஒருவர் மற்றவரிடம் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. புதியவர்கள் இருவரையும் அதற்கு மாற்றினோம். மூன்றரை நாளில் முடித்தார்கள். இங்கே வகுத்தல் அப்படியே பலித்தது. கெட்டிக்காரப் புரோகிராமர்களைத் தட்டச்சுக்கு உட்கார வைத்தது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, அவர்களிடமே சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் சிரிக்கவில்லை.

இன்னும் 15 ஆள்-நாள், 13ஆம் தேதிக்குத் தேவையே இல்லாதது. மாத அறிக்கைகள், விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ், பாவனையாளர்களைச் சேர்க்கும் திரை. முதல் லொறி வரும் அன்று யாருக்கும் மாத அறிக்கை வேண்டாம். ஹாஜியார் எஸ்எம்எஸ்ஸை மட்டும் விட மனமில்லாமல் இருந்தார். "முதல்ல துண்டு, பிறகு எஸ்எம்எஸ்" என்று கணக்கப்பிள்ளை சொன்னதும் அவரும் விட்டுக்கொடுத்தார்.

மிச்சம் 12 ஆள்-நாள். நிறுவை, கழிவு, துண்டு, காசுக் கணக்கு. எங்களுக்குள்ளேயே இருக்க வேண்டிய, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி இதுதான். பெப்ரவரி 3இலிருந்து 11வரை, சுதந்திர தினத்தை விட்டால் ஆறு வேலைநாள். இரண்டு பேர், ஆறு நாள், 12. இழுபறியாகத்தான் இருந்தது, ஒரு சனிக்கிழமை ஆபிஸிலேயே கழிந்தது. பட்டியல் முடித்த புதியவர்கள் கடைசி இரண்டு நாளும் பொய் லொறிகளை நிறுத்துப் பார்த்து, துண்டைக் கணக்கப்பிள்ளையின் கொப்பியோடு ஒப்பிட்டார்கள். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று தெரியாத கண் அதற்குத்தான் நல்லது. சாக்குக் கழிவில் அடிபட்ட தம்பி இரண்டு பிழைகளைப் பிடித்தார், இரண்டும் என்னுடையவை.

புதியவர்கள் ஜனவரி 6ஆம் தேதியே வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லிக் கொடுக்கும் செலவு அப்போதும் அதேதான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் முழு வேகத்தில் ஓடப் பல கிழமைகள் மிச்சமிருக்கும். பிந்திய வேலையில் மிச்சமிருப்பதே இரண்டு மூன்று கிழமை. முதலீடு திரும்பும்முன் காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆள் போதாது என்று சந்தேகம் வந்தால் முதல் கிழமையிலேயே கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. பிந்துகிறது என்று எனக்கு 17ஆம் தேதியே தெரியும், பிடித்துவிடலாம் என்று நினைத்து இன்னொரு கிழமையை விட்டேன்.

13ஆம் தேதி காலை ஏழரைக்கு முதல் லொறி தராசில் ஏறியது. துண்டு அடிக்கும் இயந்திரத்தில் கடதாசி சிக்கியது, வேறொன்றும் இல்லை. மிச்சம் வைத்த 15 ஆள்-நாள் வேலைக்கு இரண்டு பேர், ஏழரை நாள், கணக்குப்படி பெப்ரவரி 24. ஆலையிலிருந்து நாளுக்கு நாலு போன் வந்ததாலும், நடுவில் சிவராத்திரி வந்ததாலும் முடிந்தது 28ஆம் தேதி. ஹாஜியாரிடம் நான் மார்ச் 3 என்று சொல்லியிருந்தேன்.